மாசக்காசைக் குடுங்கோ, என்ர கடை நட்டப்பட்டாலும் பரவாயில்ல

நடுவர் தந்த தலைப்பு: "ஏ.எல் படிக்கிற பிள்ளையளுக்குச் சேமிக்கப் பழக்கிறது நாளுக்கு நாள் குடுக்கிற காசா, மாசத்துக்கு ஒருக்காக் குடுக்கிற காசா?"

நடுவர் ஐயாவுக்கும் சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் மாசக்காசு அணி. மல்லாவியில பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு கொமினிக்கேசன் வச்சிருக்கிறன், போட்டோக்கொப்பி, ரீலோட், பேனை, கொப்பி, கொஞ்சம் சோடா பிஸ்கட், இவ்வளவும்தான் என்ர யாவாரம். உள்ளதைச் சொன்னா நாளுக்கு நாள் காசு வாங்கிற பிள்ளையளாலதான் என்ர கடை ஓடுது, அதால இண்டைக்கு நான் கதைக்கப்போறது என்ர வயித்தில நானே அடிக்கிற கதை, மாக்ஸ் போடேக்க அதையும் கொஞ்சம் பாருங்கோ ஐயா.

எதிரணித் தங்கச்சி வடிவாத்தான் சொன்னவ, கையில கொஞ்சக் காசு இருந்தா கொஞ்சமாத்தான் செலவழியும் எண்டு. பாதி சரி. கொஞ்சமாத்தான் செலவழியும், ஆனா முழுக்கச் செலவழியும். நான் கடையில நிண்டு பாக்கிறன், காலமை 150 ரூபா வாங்கிக்கொண்டு வாற பெடியனுக்குப் பின்னேரம் 20 ரூபா மிஞ்சினா அந்த 20க்கு ஒரு ரொபி வாங்கிக்கொண்டுதான் வீட்டை போறான், ஏனெண்டா நாளைக்கு இன்னொரு 150 வருமெண்டு அவனுக்குத் தெரியும். நாளைக்கு வராதெண்டாத்தானே இண்டைக்கு மிச்சம் பிடிக்கிற யோசினை வரும்?

இன்னொண்டு இருக்கு, இதை ஒருத்தரும் சொல்லேல்ல. கையில சின்னக் காசு இருக்கிறவன் சாமானையும் சின்னச் சின்னதாத்தான் வாங்குவான். ஒருநாள் விட்டு ஒருநாள் 50 ரூபாக்கு ரீலோட் போடுறான், அதே பெடியனிட்ட மொத்தமாக் காசு இருந்தா மாசப் பக்கேஜ் ஒண்டைப் போட்டிட்டுப் பேசாமல் இருப்பான், கணக்குப் பாத்தா அதுதான் மலிவு. கொப்பியும் அப்பிடித்தான், தையில ஒரு கட்டா வாங்கினா விலை குறைச்சுத் தருவன், ஒவ்வொண்டா வந்து வாங்கினா முழு விலை. பாஸ்ட் பேப்பரையும் ஒவ்வொரு வருசமா வந்து கொப்பி அடிக்கிறாங்கள். இல்லாதவனுக்குத்தான் எல்லாச் சாமானும் விலை கூட, அது எங்கட பிள்ளையள் கன்டீனிலயே படிச்சிடுகினம்.

இப்ப ஒரு பெடியன்ர கணக்கைச் சொல்லுறன், பேர் வேண்டாம், பதின்ரண்டாம் வகுப்பு, கொமேர்ஸ். நாளுக்கு 150 ரூபா, மாசத்தில இருவது பள்ளிக்கூட நாளெண்டு வைச்சாலும் 3000. தாய்க்காரி என்ர கதையைக் கேட்டு மாச முதலாந் திகதி 3000ஐ மொத்தமாக் குடுத்தா. பதினொராம் திகதி காசு முடிஞ்சுது! எதிரணி கை தட்டுது பாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ. அந்தப் பிள்ளை பட்டினி கிடந்ததோ? இல்லை. ஏனெண்டா பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் ரியூசன் காசும் அந்த 3000க்குள்ள இல்லை. இதை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ, பஸ்ஸுக்கு சீசன் எடுத்துக் குடுக்கிறது, சாப்பாடு கட்டிக் குடுக்கிறது, ரியூசன் கட்டுறது எல்லாம் தாய் தேப்பன்ர வேலை, பிள்ளையின்ர கையில போறது முடிஞ்சாலும் பள்ளிக்கூடம் போகக்கூடிய காசாத்தான் இருக்கோணும். சி.ரி.பி வராத ரூட்டில சீசன் இருந்தும் பிரயோசனம் இல்லை, அந்தப் பஸ் காசை மட்டும் நாளுக்கு நாள் குடுங்கோ, நான் சண்டைக்கு வரமாட்டன்.

மிச்ச நாள் அவன் சோடா இல்லாமல், டேட்டா இல்லாமல் இருந்தான். தாய் கடைக்கு வந்து "அண்ணை, அவன் கேட்டா கடனுக்கு ரீலோட் போட்டு விடுங்கோ" எண்டா, நான் ஏலாதெண்டிட்டன். நடுவில காசு குடுத்தா அது மாசக்காசு இல்லை, பேர் மாத்தின நாட்காசு. என்ர மனுசி இதில வேற கதை, அடுத்த மாசக் காசில கழிக்கிறதெண்டு எழுதிப்போட்டு ஒரு 200 குடுக்கலாம், கடன் வாங்கினா என்ன நடக்குமெண்டும் பிள்ளை படிக்கட்டும் எண்டு அவ சொல்லுவா. வீட்டில இந்தச் சண்டை இன்னும் முடியேல்ல.

ரெண்டாவது மாசம் அவன் தானே ஒரு முறை கண்டுபிடிச்சான். காசு வந்த அண்டைக்கே 500ஐ எடுத்து ரின்னுக்குள்ள போட்டான், கடைசியில மிஞ்சினதை இல்லை, முதல்ல எடுத்ததை. 350க்கு டேட்டா. பிறகு நாலு என்வலப், ஒவ்வொண்டிலயும் 500, ஒரு கிழமைக்கு ஒண்டு. மிச்சம் 150 தனிய, வகுப்பில ஆற்றையும் பேர்த்டே எண்டு காசு சேர்த்தா அதுக்கு. ரெண்டாம் கிழமை என்வலப் வியாழக்கிழமையே காலி, அதுக்காக மூண்டாவதை உடைக்கேல்ல, வெள்ளி ஒருநாள் தண்ணியோட இருந்தான், அவ்வளவுதான் நட்டம். முதல் மாசம் இருவது நாள் பட்ட பாடு இப்ப ஒருநாளாச் சுருங்கிட்டுது. அதால நான் சொல்லுறது, முதல் ரெண்டு மூண்டு மாசம் கிழமைக்கு ஒருக்காக் குடுத்துப் பழக்கிப்போட்டு மாசத்துக்கு மாறினாலும் பிழையில்ல, எங்கட அணித் தலைவர் இதைக் கேட்டு முறைக்கிறார், பரவாயில்ல.

அவன்ர நோக்கம் சைக்கிளுக்குப் பின் ரயரும் ரியூப்பும், கிட்டத்தட்ட 2000 தேவை. நாலு மாசத்தில முடிஞ்சிருக்கோணும். நடுவில வைகாசி வந்து வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் வந்துது, கச்சானும் ஐஸ்கிறீமும் சிநேகிதரும் எண்டு செலவு, அந்த மாசம் ரின்னுக்கு 200தான் போச்சு. அஞ்சாவது மாசம் 2200 சேர்ந்து ரயர் மாத்தினான். பொங்கலுக்குப் போகாமல் இருந்து நாலு மாசத்தில மாத்தியிருக்கலாம்தான், ஆனா பதினேழு வயசுப் பெடியனைக் கண்ணகி அம்மனிட்டப் போகாதை எண்டு சொல்லுற கணக்கு எனக்கு வேண்டாம்.

எதிரணியில பொருளியல் படிப்பிக்கிற சேர் ஒரு பெரிய குண்டு போட்டார். 2022 செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி ஒரு வருசத்தில விலைவாசி 69.8 வீதம் ஏறினது, அண்டைக்கு ரின்னுக்குள்ள காசு வச்சிருந்த பிள்ளை ஏமாந்ததுதானே எண்டார். கணக்குச் சரி சேர், அதில உங்களோட மோத என்னால ஏலாது. ஆனா அதுக்கு மருந்து நாட்காசு இல்லை, கிட்டின நோக்கம். நாலஞ்சு மாசத்தில வாங்கப்போற சாமானுக்கு எண்டு சேருங்கோ, விலை ஏறுதெண்டு கண்டா ரியூப்பை முதல் வாங்கி வையுங்கோ, ரயரைப் பிறகு பாக்கலாம். ஏ.எல் முடிஞ்சு கம்பஸ் கிடைக்கிற வரைக்கும் மாசக் கணக்கில வீட்டில இருக்கிற காலத்துக்கு எண்டு சேர்க்கிறது மட்டும் வங்கிக்குப் போகட்டும். அதிலயும் ஒரு விசயம், பதினெட்டு வயசு வராத பிள்ளையின்ர கணக்கெண்டா பெரும்பாலும் பெரிய ஆள் ஒருத்தர்தான் திறக்கோணும், சில சிறுவர் கணக்கில பதினெட்டு வரைக்கும் எடுக்கவே ஏலாது. கவுண்டரில "எப்ப எடுக்கலாம், ஆர் கையெழுத்து வைக்கோணும்" எண்டு கேட்டிட்டுக் கையெழுத்து வையுங்கோ, அன்பளிப்பா உண்டியலும் கொம்பாஸ் பெட்டியும் தருகினம் எண்டு பாத்துத் திறக்காதேங்கோ.

இடையில முன் வரிசையில இருந்த ஐயா ஒருத்தர் எழும்பி, கனடாவில இருந்து மச்சான் அனுப்பிற காசை ஒட்டுசுட்டான் காணிக்குப் போடுறதோ எண்டு கேட்டார். ஐயா, அது இண்டையான் தலைப்பில்லை. ஆனா பேர்த்டேக்கு மாமா அனுப்பினாரெண்டு பிள்ளைக்கு ஒரே நாளில 10000 வந்தா அதை மாசக்காசோட கலக்காதேங்கோ, அந்த மாசம் முழுக்க என்வலப் எல்லாம் சிரிப்பாப் போயிடும்.

அதுக்குப் பிறகு ஒரு அம்மா கேட்டதுதான் எனக்குத் தொண்டையில நிக்குது. "தம்பி, பெரும்போகத்துக்கு உரம் வாங்கக் காசில்லாமல் மகள் சேர்த்ததை எடுத்திட்டன், அவ இப்ப சேர்க்கிறதே இல்லை" எண்டா. எங்கட பக்கம் இது கன வீட்டில நடக்கிறது, ஒருத்தரையும் குறை சொல்ல ஏலாது, வயலுக்கு உரம் இல்லையெண்டா பிறகு மாசக்காசும் இல்லை நாட்காசும் இல்லை. ஆனா அம்மா, எடுக்க முன்னம் மகளிட்டக் கேளுங்கோ, எவ்வளவு எண்டு அவவின்ர கொப்பியில அவவின்ர கையாலயே எழுத விடுங்கோ, மாசியில நெல்லு வித்த உடன முதல் அதைக் குடுங்கோ, ஒரு 100 கூடவே குடுங்கோ. வங்கியில போட்டா நீங்கள் நினைச்ச நேரம் எடுக்கேலாதுதான், அந்த நேரம் உரத்துக்கு என்ன செய்யிறது? அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை.

சரி வருதோ இல்லையோ எண்டு என்னெண்டு தெரியும்? ரின்னைக் குலுக்கிப் பாக்காதேங்கோ. மூண்டாவது கிழமை பிள்ளை உங்களிட்ட வந்து பேனைக்குக் காசு, பேப்பருக்குக் காசு எண்டு கேக்குதோ எண்டு பாருங்கோ. ஒருக்காக் கேட்டாப் பிள்ளையின்ர பிழை, மாசா மாசம் கேட்டா நீங்கள் குடுக்கிற தொகை காணாது. மற்றது, சில பிள்ளையள், பெரும்பாலும் பொம்பிளைப் பிள்ளையள், இடைவேளைக்குச் சாப்பிடாமல் காசைச் சேர்க்குதுகள். ரின் கெதியா நிரம்பினா சந்தோசப்படாமல் அண்டைக்கு என்ன சாப்பிட்டது எண்டு கேளுங்கோ.

கடைசியா நாட்கூலி. எதிரணித் தங்கச்சியின்ர கதையில எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான இடம் இதுதான், மேசன் வேலைக்குப் போற, கடலுக்குப் போற தேப்பன் முதலாந் திகதி 3000க்கு எங்க போறது? அவர் பின்னேரம் வரேக்க 100ஓ 150ஓ தாயிட்டக் குடுக்கட்டும், தாய் ஒரு பேணிக்குள்ள போட்டு வச்சு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாப் பிள்ளையிட்டக் குடுக்கட்டும். மழை பெஞ்சு வேலை இல்லாத கிழமையெண்டா, கடல் கொந்தளிச்ச கிழமையெண்டா, "இந்தக் கிழமை இவ்வளவுதான்" எண்டு பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்கோ, பதினேழு வயசு, விளங்கும். அந்தப் பேணியில போடவே ஒண்டும் இல்லாத வீட்டில எந்த அணி வெண்டா என்ன ஐயா, அதை நான் வாதாட வரேல்ல.

மணி அடிச்சாச்சு, இருக்கிறன்.