மூட்டை எங்கே?

நடுவர் தந்த தலைப்பு: "செல்லப்பெயர் சபைக்கும் வரலாமா, வீட்டு வாசலோடு நிற்க வேண்டுமா?" வாசலோடு நிற்க வேண்டும் என்ற அணியின் இரண்டாவது பேச்சு இது.

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி நடுவர் கையில் இருக்கிறது, ஆகவே வணக்கம் இவ்வளவுதான்.

எதிரணியின் பேராசிரியர் ஐயா அழகாகப் பேசினார். கிருஷ்ணமூர்த்தி கிட்டு ஆனார், சீனிவாசன் சீனு ஆனார், வைத்தியநாதன் வைத்தி ஆனார். தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல நீண்ட பெயர் புழங்கிப் புழங்கித் தேய்கிறது, அதற்கு இலக்கணத்தில் மரூஉ என்று பெயர் என்றார். நான் குறித்துக்கொண்டேன். நாளை வகுப்பில் என் சொந்தக் கருத்தைப்போல் சொல்லிவிடுவேன். ஆனால் ஐயா, நீங்கள் சொன்னது பாதிதான். பெயரை வாயால் சொல்லிச் சொல்லித் தேய்த்தவர்கள் உண்டு. பெயரைச் சொல்லவே முடியாதவர்கள் என்ன செய்தார்கள்?

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்தாயிற்று. ஆனால் மருமகள் மாமனாரின் பெயரை உச்சரிக்கக் கூடாது. இப்போது நிலைமையைப் பாருங்கள். மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மருமகள் உள்ளேயிருந்து, "அடே இன்னாரே, மூக்கைத் துடைத்துக்கொண்டு இங்கே வாடா" என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வருவது யார்? அதனால்தான் நம் வீடுகளில் இத்தனை ராசாக்கள், இத்தனை கண்ணுகள், இத்தனை பெரியதம்பிகள். கொஞ்சுவதற்காகப் பிறந்த பெயர்கள் என்கிறோம். பல பெயர்கள் நாக்குக்குப் போட்ட பூட்டிலிருந்து பிறந்தவை.

எங்கள் வீட்டில் அந்தப் பூட்டுக்குக் கிடைத்த சாவிதான் என் அண்ணனின் பெயர். அவன் பிறந்தபோது நாலு கிலோ. பிரசவம் பார்த்த ஆயா கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "புளிமூட்டை மாதிரி இருக்கிறானே" என்றாள். அவ்வளவுதான். புளி ஒரு வருடத்தில் உதிர்ந்துவிட்டது, மூட்டை நின்றுவிட்டது. பதிவேட்டில் தாத்தாவின் பெயர் இருக்கிறது. அதை நான் இந்த மேடையில் சொல்லமாட்டேன். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், காதைப் பொத்திக்கொள்வார்.

அண்ணன் இப்போது ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். ஒரு நவம்பர் மாதம். நவம்பர் என்றால் வாழ்நாள் சான்று கொடுக்கும் மாதம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஓய்வூதியக்காரர்கள் வரிசையில் நின்று நிரூபிக்கும் மாதம். குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மாவும் போனார். கூட்டம் நிரம்பி வழிகிறது. அண்ணன் கண்ணாடி அறைக்குள். அம்மா வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, உரத்த குரலில் கேட்டார்: "என் மூட்டை எங்கே?"

வாசலில் இருந்த காவலாளி முன்னாள் ராணுவ வீரர். வங்கிக்குள் கேட்பாரற்ற மூட்டை என்றால் அவருக்கு என்ன தோன்றும்? துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு வந்தார்.

"எந்த மூட்டை, அம்மா?"

"என் மூட்டைதான். காலை எட்டரைக்கே இங்கே வந்துவிட்டது."

"யார் கொண்டுவந்து வைத்தார்கள்?"

"யாரும் வைக்கவில்லை. தானாகத்தான் வந்தது. ஸ்கூட்டரில்."

காவலாளிக்கு வியர்க்கத் தொடங்கியது. "எடை எவ்வளவு இருக்கும்?"

"பிறந்தபோது நாலு கிலோ. இப்போது எண்பது இருக்கும்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் கால்களை மேலே தூக்கிக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வந்தவர்கள், அந்தச் சான்று இன்னும் எத்தனை நிமிடம் செல்லும் என்று யோசிக்கிறார்கள்.

"உள்ளே என்ன இருக்கிறது, அம்மா?"

"ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. காலையில் சாப்பிடாமல் ஓடிவந்துவிட்டது."

"ஏதாவது சத்தம் வருமா?"

"ராத்திரியில் மட்டும் வரும். குறட்டை."

கண்ணாடிக் கதவு திறந்தது. கழுத்துப்பட்டையோடு அண்ணன் வெளியே வந்தான். அம்மா முகமெல்லாம் மலர, "இதோ, என் மூட்டை!" என்றார். காவலாளி விரல்களை எண்ணிப் பார்த்திருப்பார்: ஸ்கூட்டர் சரி, எண்பது கிலோ சரி, தானாக வந்தது சரி. பாவம், அனிச்சையாக ஒரு சல்யூட் வைத்தார். மூட்டைக்கு வைத்தாரா, மேலாளருக்கு வைத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? அந்த வங்கியும் சிரித்தது. அதன்பிறகு நடந்ததைக் கேளுங்கள். அடுத்த வாரம், தவணை கட்டாத ஒருவரை அண்ணன் கூப்பிட்டுக் கொஞ்சம் கடுமையாகப் பேசினான். அவர் எழுந்து போகும்போது அறைக்கு வெளியே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மூட்டை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது."

நடுவர் அவர்களே, என் வழக்கு இதுதான். எங்கள் வீட்டில் ஐம்பது வருடமாக மூட்டை என்று கூப்பிடுகிறோம். எங்களில் ஒருவருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் சாக்குப்பை நினைவுக்கு வராது. அண்ணன்தான் வருவான். பொருள் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது, ஆள் மட்டும் மிச்சம். அதே சொல் வேற்றாள் வாய்க்குப் போனதும் ஆள் கழன்றுகொள்கிறான், சாக்குப்பை திரும்பி வந்துவிடுகிறது. அதனால் எங்கே நிறுத்துவது என்று என்னைக் கேட்டால், "ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்கக்கூடியவர் ஒருவர் அங்கே நின்றாலும் நிறுத்திவிடுங்கள் என்பேன்.

எதிரணியின் மூன்றாவது நண்பர் தலைவர்களுக்குக் கொடுக்கும் பட்டப்பெயர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நல்ல பேச்சு. வேறு பட்டிமன்றத்துக்கு உரியது. என் அணித் தம்பி, தன் மின்னஞ்சல் முகவரியில் செல்லப்பெயர் இருந்ததால் நேர்முகத் தேர்வில் பட்ட பாட்டைச் சொன்னார். ஒருவர் பாட்டை மட்டும் வைத்து வழக்கு நிற்காது என்று எதிரணி சொல்வதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் எதிரணித் தலைவர் ஒன்று சொன்னாரே, அதை விடமாட்டேன். "செல்லப்பெயரை மறைக்கச் சொல்பவர்களை வீட்டில் யாரும் கொஞ்சியிருக்க மாட்டார்கள்" என்றார். கைதட்டினீர்கள். முதல் வரிசையில் என் கணவரும் தட்டினார், பார்த்துக்கொண்டேன்.

ஐயா, எனக்கு என் அப்பாவைப் பெற்றவரின் பெயர். தாயின் பெயரைச் சொல்லி மகளை அதட்ட மனம் வராமல், அப்பா சாகும்வரை என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார். நான் கணக்கில் பன்னிரண்டு மதிப்பெண் வாங்கிய அன்றும், "என்னம்மா இது, அம்மா?" என்றுதான் கேட்டார். அடுத்து என் தம்பி. அவனுக்கு மழலையில் 'க்' வராது, 'த்'தான் வரும். அக்கா என்பதற்கு அத்தா என்றான். நாக்கு திருந்தியது, பெயர் திருந்தவில்லை. இன்று அவன் பிள்ளைகள் என்னை அத்தா அத்தை என்கிறார்கள். கொஞ்சப்படாதவளா நான்? நாற்பது வயதான மழலையைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

எதிரணித் தலைவருக்கு ஒன்று சொல்கிறேன். பேச்சு தொடங்குவதற்கு முன் மேடைக்குப் பின்னால் உங்கள் கைபேசி அடித்தது. உங்கள் துணைவியார். குரலை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டீர்கள். அவர் உங்களை எப்படிக் கூப்பிட்டார் என்பதை நான் கேட்டேன். பேராசிரியரும் கேட்டார், இப்போதும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார் பாருங்கள்.

சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லமாட்டேன். சபையில் சொல்லக்கூடாது என்பதுதானே என் அணி? அவர் அணிப்படிதான் நான் சொல்ல வேண்டும். ஐயா, ஒரு தலையசைப்புப் போதும், இப்போதே சொல்லிவிடுகிறேன்... அசைக்கவில்லை. நடுவர் குறித்துக்கொள்ளட்டும்.

நான் தலைமையாசிரியை. பெயர் பதிவேட்டில் ஏறும் இடத்தில் இருப்பவள். பிறப்பைப் பதிந்த ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், பதினைந்து ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பலர் சேர்ப்பதில்லை. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கக் கூட்டிவந்த தாய்மாமன், வாத்தியார் கேட்டதும் வாய்க்கு வந்த வீட்டுப் பெயரைச் சொல்லிவிடுவார். அது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்வரை போய்விடும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். பட்டாவில் சுப்பிரமணியன், குடும்ப அட்டையில் மணி, இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கப் பிள்ளைகள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்தது எனக்குத் தெரியும். பத்திரத்தில் "சுப்பிரமணியன் என்கிற மணி" என்று அன்றே எழுதியிருந்தால் அந்த நடை மிச்சம்.

"கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'என்கிற' போடாவிட்டால் தெருவில் யாருக்கும் யார் போனார் என்றே தெரியாதே" என்று பேராசிரியர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதான்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம்.

போன ஆண்டு அண்ணனுக்கு நெஞ்சு வலி. அவசரப் பிரிவில் நானும் அம்மாவும். அண்ணன் கண்ணை மூடிக் கிடக்கிறான். செவிலியர் எழுதுகோலோடு வந்து, "நோயாளி பெயர்?" என்றார். நான் பணம் கட்டும் இடத்தில் நின்றிருந்தேன், ஓடி வருவதற்குள் அவர் இரண்டாம் முறை கேட்டுவிட்டார். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமனார் செத்து முப்பது வருடம். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். நாலெழுத்தையும், ஒவ்வொன்றாக. என் காதால் நான் கேட்ட முதல் தடவை.

கட்டிலில் அண்ணன் கண்ணைத் திறந்தான். முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டான்: "அத்தா, அம்மா ஏன் என் பெயரைச் சொல்கிறாள்? எனக்கு அவ்வளவு மோசமா?"

நான் இந்த அணிக்காகப் பேச ஒப்புக்கொண்டவள். படிவத்தில் சரியான பெயர்தான் எழுத வேண்டும், எழுதியாயிற்று. ஆனால் அம்மா அவன் காதருகே குனிந்து, எத்தனையோ பேர் நிற்கும் அந்த அறையில், சத்தமாகத்தான் சொன்னார்:

"ஒன்றும் இல்லையடா, மூட்டை."