HILLBANK-உம் HlLLBANK-உம்

வணக்கம். சில மாதங்களுக்கு முன் என் சித்தி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இது பேங்க்ல இருந்துதானே வந்திருக்கு?" என்று கேட்டார். செய்திப் பட்டியல் நிரம்பி வழிந்தது. கூரியர், மளிகைக் கடை, ஒருமுறைக் கடவுச்சொற்கள், தள்ளுபடி விளம்பரங்கள். அவற்றுக்கு நடுவே அவருடைய வங்கியின் பெயர் இரண்டு வரிகளில் இருந்தது. உண்மையான பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. HILLBANK என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு வரியில் அந்தப் பெயர், கீழே எட்டுப் பத்து வரிகள் தள்ளி மறுபடியும் அதே பெயர். மேலே இருந்த செய்தி, "உங்கள் கார்டு இன்றிரவு முடக்கப்படும்" என்றது. கூடவே ஓர் இணைப்பும் இருந்தது.

நான் முதலில் கவனித்தது செய்தியை அல்ல. ஒரே பெயர் ஏன் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். பொதுவாகக் கைப்பேசி, அனுப்பியவர் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஒரே பெயரில் வந்தவற்றை எல்லாம் ஒரே உரையாடலாக அடுக்கிவிடும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஆள் என்று புது வரி தொடங்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, கைப்பேசிக்கு அப்படித் தெரியவில்லை. அப்படியானால் இரண்டு பெயருக்கும் நடுவே எங்கோ ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும்.

எங்கே? இரண்டாவது எழுத்தில். சரியான பெயரில் அது பெரிய 'ஐ'. மற்றதில் சின்ன 'எல்'. HILLBANK, HlLLBANK. கைப்பேசித் திரைகளில் வழக்கமாக வரும் எழுத்துருவில் பெரிய ஐ-க்குத் தலையிலும் காலிலும் குறுக்குக்கோடு கிடையாது. சின்ன எல்லும் ஒரு நேர்க்கோடுதான். உற்றுப் பார்த்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். இளைஞர்களாலும் முடியாது, அதனால் வயதானவர்கள் தங்கள் கண்ணைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கண்ணுக்குப் பதில் நான் பயன்படுத்துவது செய்திச் செயலியின் தேடல் பெட்டி. வங்கியின் பெயரை நீங்களே சரியான எழுத்துகளில், சின்ன எழுத்தில், தட்டச்சு செய்யுங்கள்: hillbank. பெரும்பாலான செயலிகளின் தேடல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பேதம் பார்ப்பதில்லை. ஐ என்று தட்டினால் பெரிய ஐ-யும் கிடைக்கும், சின்ன ஐ-யும் கிடைக்கும். ஆனால் எல் கிடைக்காது. சித்தியின் கைப்பேசியில் அப்படித் தேடியபோது, இரண்டு ஆண்டுச் செய்திகள் அடங்கிய பழைய உரையாடலின் பெயர் வந்தது. கார்டு முடக்கச் செய்தியை அனுப்பிய பெயர் வரவே இல்லை. பூஜ்யத்தை 'ஓ' இடத்தில் வைத்திருந்தாலும், ஐந்தை 'எஸ்' இடத்தில் வைத்திருந்தாலும் இதே தேடலில் அது விழுந்துவிடும். ஒன்று மட்டும் முக்கியம்: பெயரை நகலெடுத்து ஒட்டக் கூடாது. ஒட்டினால் போலி எழுத்தும் சேர்ந்தே வந்து, போலியையே தேடித் தரும்.

இந்த மாதிரி எழுத்து வித்தைகள் எண்ணற்றவை அல்ல என்பது ஓர் ஆறுதல். குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயருக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. அதில் 11 எழுத்துக்கு மேல் அடங்காது. அதுவும் 128 குறிகள் மட்டும் உள்ள ஒரு பழைய எழுத்துப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். இணைய முகவரிகளில் செய்வதுபோல ரஷ்ய எழுத்தை ஆங்கில எழுத்தாக நடிக்க வைக்க இங்கே வழியில்லை. அதனால் ஐ-எல், ஓ-பூஜ்யம், 'எம்' இடத்தில் 'ஆர்-என்' போன்ற சில ஜோடிகளே மிஞ்சுகின்றன.

அதே 11 எழுத்து வரம்பு இன்னொரு சங்கடத்தையும் உண்டாக்குகிறது. நீளமான வங்கிப் பெயர்கள் உள்ளே அடங்காததால் சுருக்கப்படுகின்றன. சுருக்கம் எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. HILLBNKKYC என்று வந்தால், இதுவும் நம் வங்கியின் ஒரு பிரிவாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். வங்கிகளும் கடவுச்சொல்லுக்கு ஒரு பெயர், விளம்பரத்துக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்வது உண்டு. ஆகவே புதுப் பெயர் என்பதாலேயே போலி என்று முடிவுகட்ட முடியாது. இந்த இடத்தில் தேடலும் உதவாது. தன் அனுப்புநர் பெயர்களை வங்கி இணையதளத்தில் வெளியிட்டிருந்தால் அந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குழப்பம். அங்கே வணிகச் செய்திகளின் பெயர் மூன்று துண்டுகளாக வரும். முதல் இரண்டு எழுத்து, செய்தி எந்தத் தொலைபேசி நிறுவனம், எந்த வட்டாரம் வழியாக வந்தது என்பதைக் குறிக்கும். நடுவில் இருப்பதுதான் அனுப்புநர் பெயர். கடைசியில் ஓர் எழுத்து. அது P என்றால் விளம்பரம், S என்றால் சேவை, T என்றால் பரிவர்த்தனை, G என்றால் அரசு. முதல் இரண்டு எழுத்து மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே வங்கி நான்கைந்து உரையாடல்களாகச் சிதறிக் கிடக்கும். அங்கே ஒப்பிட வேண்டியது நடுத்துண்டை. முடிவில் P போட்ட பெயரிலிருந்து "கணக்கு முடங்கும்" என்ற எச்சரிக்கை வந்தால், எழுத்து எல்லாம் சரியாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். தேடலில் பெயர் வந்துவிட்டது, செய்தியும் பழைய உரையாடலுக்கு உள்ளேயே, போன மாதக் கடவுச்சொல்லுக்கு அடியிலேயே இருக்கிறது. அப்போது நம்பலாமா? கூடாது. அனுப்புநர் பெயர் என்பது அனுப்புகிறவர் எழுதித் தரும் சொல். வழியில் யாரும் அதைச் சரிபார்க்காவிட்டால், வங்கியின் பெயரையே அச்சு அசலாகப் போட்டு அனுப்ப முடியும். கைப்பேசி எழுத்தை மட்டும் ஒப்பிடுவதால், போலியைக் கொண்டுபோய் உண்மையான செய்திகளுக்கு நடுவே உட்கார வைத்துவிடும்.

சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் இதுதான் நடந்தது. ஒரு பெரிய வங்கியின் பெயரிலேயே வந்த செய்திகள் அதன் பழைய உரையாடலுக்குள் போய் விழுந்தன. ஏறத்தாழ 790 பேர் சேர்ந்து 1.37 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் இழந்தார்கள். அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரையில் கண்டுபிடிக்கும்படி அந்தப் பெயரில் எதுவுமே இல்லை. 2023 ஜனவரி இறுதியிலிருந்து அங்கே அனுப்புநர் பெயர்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவாகாத பெயரில் அனுப்பினால் திரையில் Likely-SCAM என்று வரும். இப்படிப் பதிவு இல்லாத நாடுகளில் அந்தப் பழைய ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறது.

ஆகவே இந்தச் சோதனை ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும். ஐ இடத்தில் எல் போல, பார்வைக்கு ஒத்த எழுத்தாக மாறியிருந்தால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். எழுத்து சரியாக இருந்தால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. இணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியைத் தனியாகத் திறந்து பாருங்கள், அல்லது கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணை அழையுங்கள். செய்தியில் கொடுத்திருக்கும் எண் வேண்டாம்.

சித்தி கார்டின் பின்னால் இருந்த எண்ணைத்தான் அழைத்தார். கார்டு வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தது, முடக்கம் எதுவும் இல்லை. அப்புறம் திரையைப் படம் பிடித்து வங்கிக்கு அனுப்பிவிட்டு, அந்தப் போலி உரையாடலை முழுவதுமாக நீக்கினோம். அதை விட்டுவைத்தால், அடுத்த முறை அதே சின்ன எல் பெயரில் வரும் செய்தி வெறும் வரியாக வராது. "முன்பே பேசிய ஆள்" போல, அந்த உரையாடலின் தொடர்ச்சியாக வந்து நிற்கும்.