தேதி போட்டு வச்ச டிரான்ஸ்ஃபரை ஆப்ல எங்க பார்க்கறது, எப்படி கேன்சல் பண்றது?

கேள்வி: "அண்ணா, பேங்க் ஆப்ல வர்ற திங்கட்கிழமை தேதி போட்டு ஒருத்தருக்கு 5,000 போற மாதிரி வச்சிட்டேன். இப்போ அது வேண்டாம். ஹிஸ்டரில தேடினா அப்படி ஒண்ணுமே இல்ல. அது எங்க இருக்கும், எப்படி கேன்சல் பண்றது?"

முதல்ல, ஹிஸ்டரில இல்லைன்னு பயப்படாதீங்க. அது அங்க இருக்கவும் கூடாது. ஹிஸ்டரி, ஸ்டேட்மெண்ட் ரெண்டுமே நடந்து முடிஞ்ச கணக்கு. நீங்க கொடுத்திருக்கறது இன்னும் நடக்கல. "திங்கட்கிழமை வந்ததும் இந்த அக்கவுண்ட்ல இருந்து 5,000 எடுத்து அந்த அக்கவுண்ட்ல போடு"ன்னு பேங்க்கிட்ட எழுதிக் கொடுத்த மாதிரி ஒரு உத்தரவு, அவ்வளவுதான். பணம் உங்க அக்கவுண்ட்லயேதான் இருக்கு. பெரும்பாலான பேங்க்ல அந்தத் தொகையைத் தனியா ஒதுக்கிக்கூட வைக்க மாட்டாங்க, அதனால பேலன்ஸ் குறைஞ்சிருக்காது. பேலன்ஸ் அப்படியே இருக்கறதைப் பார்த்துட்டு "சரி, அது பதிவாகல போல"ன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. அப்புறம் அந்தத் தேதில பணம் போனதும் திகைச்சு நிக்கறாங்க.

அப்போ எங்க தேடணும்? நீங்க பணம் அனுப்பப் போற அதே மெனுவுக்குப் போங்க, Transfer இல்லைன்னா Payments. அதுக்குள்ள Scheduled, Upcoming, Future dated, இப்படி ஏதாவது ஒரு பேர்ல தனியா ஒரு பட்டியல் இருக்கும். சில ஆப்ல அது முகப்புல தெரியாது. டிரான்ஸ்ஃபர் பக்கத்தோட மேல் மூலைல இருக்கற மூணு புள்ளி, இல்லைன்னா Manage-னு ஒரு வரி, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். இன்னும் சில ஆப்ல அந்த அக்கவுண்டைத் தொட்டுத் திறந்தாதான் வரும்.

பட்டியலைக் கண்டுபிடிச்சும் அது காலியா இருக்குன்னா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, மேல எந்த அக்கவுண்ட் தேர்வாகியிருக்கு? உங்க பேர்ல ரெண்டு அக்கவுண்ட் இருந்து, பணம் போக வேண்டியது ரெண்டாவதுல இருந்துன்னா, முதல் அக்கவுண்டோட பட்டியல் காலியாத்தான் இருக்கும். ரெண்டாவது, தேதி ஃபில்டர். அடுத்த சில நாளுக்கு மட்டும் காட்டற மாதிரி வச்சிருந்தா அதுக்கு அப்பால இருக்கறது தெரியாது. உங்களது திங்கட்கிழமைங்கறதால இது உங்களுக்குப் பிரச்சினை இல்ல, ஆனா மாசக் கடைசிக்குப் போட்டவங்க பார்க்கணும். மூணாவது, நீங்க அதைப் போட்டது ஆப்லயா, கம்ப்யூட்டர்ல நெட் பேங்கிங்லயா? ஒண்ணுல போட்டது இன்னொண்ணுல தெரியாத பேங்க் இருக்கு. போட்ட இடத்துலயே போய்த் தேடுங்க.

இந்த இடத்துல இன்னொண்ணும் சொல்லிடறேன். மாசாமாசம் தானா எடுத்துக்கற மாதிரி ஒரு கம்பெனிக்கு நீங்க அனுமதி கொடுத்திருந்தா, அது வேற. அங்க பணத்தை இழுக்கறது அவங்க. அதை இந்தப் பட்டியல்ல தேடாதீங்க, மேண்டேட் இல்லைன்னா டைரக்ட் டெபிட்னு வேற பகுதில இருக்கும். நீங்க கேட்டது நீங்களா அனுப்ப வச்சது, அதையே பார்ப்போம்.

வரி கிடைச்சிடுச்சு. அதைத் தொட்டுத் திறங்க. அவசரப்பட்டு நேரா Cancel-ஐ அமுக்காம, திறந்த பக்கத்தை ஒரு தடவை முழுசா படிங்க. பேர், அக்கவுண்ட் நம்பரோட கடைசி நாலு இலக்கம், தொகை, தேதி. அதுக்குக் கீழ Frequency இல்லைன்னா Repeat-னு ஒரு வரி இருக்கும், அதுலதான் கவனம் வேணும். அங்க One time, Once, இப்படி இருந்தா ஒரே ஒரு தடவை போறது. Monthly-னு இருந்தா, தேதி போடும்போது தெரியாம மாசாமாசம் போற மாதிரி வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அப்படி இருந்தா, கேன்சல் பண்ணும்போது சில ஆப் கேட்கும்: இந்த ஒரு தடவையை மட்டும் விடணுமா, மொத்தத்தையும் நிறுத்தணுமான்னு. Skip அமுக்கினா இந்தத் திங்கள் போகாது, அடுத்த மாசம் போயிடும். மொத்தமும் வேண்டாம்னா தொடரையே நிறுத்தற பட்டனைத்தான் அமுக்கணும்.

இப்போ Cancel இல்லைன்னா Delete. அமுக்கினதும் "நிச்சயமா?"ன்னு ஒரு கேள்வி வரும். அதுக்கு ஆமாம் சொன்ன பிறகும் நிறைய ஆப்ல பின் நம்பரோ ஓடிபியோ கைரேகையோ கேட்கும். இந்தக் கடைசிப் படியில தவறுறவங்கதான் அதிகம். ஓடிபி வர்றதுக்குள்ள ஆப்பை மூடிடறாங்க, கேன்சல் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க. அந்தப் படி முடியலைன்னா உத்தரவு அப்படியே உயிரோடதான் இருக்கு. அந்த இடத்துல Back-னும் Cancel-னும் ரெண்டு பட்டன் பக்கத்துல பக்கத்துல இருந்தா இன்னும் குழப்பம். அங்க Cancel-னா டிரான்ஸ்ஃபரை நிறுத்தறதா, இல்ல இந்தப் பக்கத்தை விட்டு வெளிய போறதான்னு பட்டனுக்கு மேல இருக்கற வாக்கியத்தைப் படிச்சிட்டு அமுக்குங்க.

முடிஞ்சதும் பட்டியலுக்குத் திரும்பிப் போங்க. அந்த வரி காணாம போயிருக்கணும், இல்லைன்னா பக்கத்துல Cancelled-னு மாறியிருக்கணும். இன்னும் Scheduled-னே இருந்தா கேன்சல் ஆகல. மெசேஜோ மெயிலோ வந்தா அழிக்காதீங்க. ரெஃபரன்ஸ் நம்பரும் தேதியும் நேரமும் தெரியற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

சரி, இதை எப்போ வரைக்கும் பண்ணலாம்? உங்க விஷயத்துல ரொம்ப முக்கியமானதே இதுதான், ஏன்னா நீங்க போட்டிருக்கறது திங்கட்கிழமை. திங்கள்னா ஞாயிறு ராத்திரி வரைக்கும் நேரம் இருக்குன்னு தோணும். நிறைய பேங்க்ல அப்படி இல்ல. கெடுவை "முந்தின வேலை நாள் முடியறதுக்குள்ள"ன்னுதான் வச்சிருப்பாங்க. ஐரோப்பிய யூனியன்ல 2015-ல வந்த பேமெண்ட் சேவைச் சட்டத்துல தேதி போட்ட உத்தரவுக்கு இதே கெடுவைத்தான் சொல்லியிருக்காங்க. சனி, ஞாயிறு விடுமுறைன்னு எடுத்துக்கிட்டா, திங்களுக்கு முந்தின வேலை நாள் வெள்ளி. அப்போ உங்க கெடு வெள்ளியோட முடியுது. சில பேங்க் இதைவிடத் தாராளமா ஞாயிறு ராத்திரி 12 மணி வரைக்கும் விடுவாங்க, ஆனா அதை நம்பி உட்கார வேண்டாம். அந்த டிரான்ஸ்ஃபரைத் திறந்து பாருங்க, Cancel by-னு தேதி போட்டிருந்தா அதுதான் கணக்கு. போடலைன்னா வெள்ளிக்குள்ள முடிச்சிடுங்க.

நாள் அன்னைக்கே ஏன் நிறுத்த முடியறதில்லன்னா, பேங்க் அந்த நாளுக்கான எல்லா உத்தரவையும் மொத்தமா எடுத்து ஓட்டும். பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியோ விடியக்காலைலயோ அது நடக்கும். உங்க உத்தரவு அந்தக் கட்டுல ஏறிடுச்சுன்னா ஆப்ல நிலை Processing-னு மாறும், Cancel பட்டன் மங்கிப் போகும், இல்லைன்னா இருக்கவே இருக்காது. வெளியூர்ல, வேற நேர மண்டலத்துல இருக்கறவங்க இன்னொண்ணு நினைவு வச்சுக்கணும்: நாள் பிறக்கறது பேங்க் இருக்கற ஊர் நேரத்துக்கு, உங்க கைல இருக்கற போன் நேரத்துக்கு இல்ல.

இதே மாதிரி விடுமுறை நாள்லயே தேதி போட்டிருந்தீங்கன்னா, சில பேங்க் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும், சில பேங்க் முந்தின வேலை நாளுக்கே இழுத்துடும். முன்னால இழுக்கற பேங்க்ல உங்க கெடுவும் கூடவே முன்னால வந்துடும். போடும்போது வந்த உறுதிப் பக்கத்துல எந்த நாள் போட்டிருக்குன்னு பாருங்க.

சிலர் கேன்சல் பட்டனைத் தேடாம சுத்து வழி போறாங்க. ஆப்பை அன்இன்ஸ்டால் பண்றது அதுல ஒண்ணு. உத்தரவு இருக்கறது பேங்க்கோட கம்ப்யூட்டர்ல, உங்க போன்ல இல்ல. ஆப் போனாலும் பணம் போகும். பணம் வாங்கறவர் பேரைப் பயனாளி பட்டியல்ல இருந்து நீக்கினா போதும்னு நினைக்கறதும் தப்பு. போட்ட அன்னைக்கே அக்கவுண்ட் நம்பர் உத்தரவுக்குள்ள பதிவாகியிருக்கலாம், பேரை நீக்கினாலும் அது தன் பாட்டுக்கு ஓடும். பேலன்ஸை வேற அக்கவுண்டுக்கு மாத்தி காலி பண்றதைத்தான் நான் ரொம்பவே வேண்டாம்பேன். ஓவர்டிராஃப்ட் வசதி இருக்கற அக்கவுண்டா இருந்தா பேங்க் தன் பணத்தைப் போட்டு அனுப்பிடும், வட்டி உங்க தலைல. அந்த வசதி இல்லைன்னா தோத்துப் போன உத்தரவுக்குக் கட்டணம் வாங்கலாம். சில பேங்க் அதே நாள்ல இன்னொரு தடவை முயற்சி பண்ணும், அதுக்குள்ள வேற பணம் வந்து சேர்ந்திருந்தா அது போயிடும்.

தொகையையோ தேதியையோ மட்டும் மாத்தணும்னா Edit இருக்கான்னு பாருங்க. பல ஆப்ல இருக்காது. அப்போ பழசைக் கேன்சல் பண்ணி, அது போனதைப் பட்டியல்ல பார்த்த பிறகுதான் புதுசைப் போடுங்க. புதுசை முதல்ல போட்டுட்டுப் பழசை மறந்தா, ரெண்டு தடவை போகும்.

கெடு தாண்டிடுச்சா? ஆப்ல தேடி நேரத்தை வீணாக்காம நேரா பேங்க்குக்குப் போன் பண்ணுங்க. நம்பரை ஆப்ல இருந்தோ கார்டு பின்பக்கத்துல இருந்தோ எடுங்க, தேடல்ல வர்ற நம்பர் வேண்டாம். பணம் போயிடுச்சுன்னா அதுக்கப்புறம் அது கேன்சல் இல்ல, திருப்பிக் கேட்கற கோரிக்கை. அங்க பொதுவா பணம் வாங்கினவர் சம்மதிச்சாதான் திரும்பும்.

கேன்சல் பண்ணவங்க திங்கட்கிழமை காலைல ஹிஸ்டரியை ஒரு தடவை திறந்து பாருங்க. அங்க 5,000 கழிஞ்சிருந்தா, எடுத்து வச்ச அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "இந்த ரெஃபரன்ஸ் நம்பர், இந்த நேரத்துக்கே நிறுத்திட்டேன்"னு அன்னைக்கே எழுத்துல புகார் கொடுங்க.