நோ காஸ்ட் இஎம்ஐ: நூற்றுக்கு எத்தனை வட்டி?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரில் வட்டியை யாரும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை. "ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்", "மூணு வட்டி கேட்கிறான்" என்றுதான் சொல்வோம். நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. ரெண்டு வட்டிக்குக் கடன் என்றால் நாலு பேரைக் கேட்டு, நாலு முறை யோசித்துத்தான் வாங்குவோம். அதே ஆள் ஒரு பிரிட்ஜ் வாங்கப் போய், "நோ காஸ்ட் இஎம்ஐ" என்ற அட்டையைப் பார்த்ததும் யோசிக்காமல் கார்டை நீட்டுகிறார். அந்தக் கடன் எத்தனை வட்டிக்கு வருகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு கணக்குப் போட்டுப் பார்க்க வந்திருக்கிறேன். நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெருவில் யாருக்காவது பில் புரியவில்லை என்றால் என்னிடம் கொண்டுவருவார்கள்.

அப்படி வந்தவர்தான் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தங்கை ஒருவர். போனை நீட்டி, "அண்ணே, கடையில வட்டியே இல்லைன்னுதானே சொன்னாங்க? பில்லுல வட்டின்னு ஒரு வரி இருக்கே, அதுக்கு ஜிஎஸ்டி வேற போட்டிருக்கே?" என்று கேட்டார். பிரிட்ஜின் விலை 30,000 ரூபாய். ஆறு மாதத் தவணை, மாதம் 5,000. ஆறு ஐந்து முப்பது, கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு எங்கிருந்து வட்டி வந்தது?

பில்லை மேலே நகர்த்திப் பார்த்தேன். அவர் கார்டில் கடனாக ஏறியிருந்த தொகை 30,000 இல்லை, 28,648. மீதி 1,352 ரூபாயைக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கழித்திருக்கிறார்கள். அந்த 28,648 ரூபாய்க்கு வங்கி ஆண்டுக்கு 16 சதவீத வட்டி போடுகிறது. ஆறு மாதத்தில் அந்த வட்டி அதே 1,352 ரூபாய் வருகிறது. அதாவது வட்டி இருக்கிறது. அதற்குச் சமமான தொகையை விலையில் முன்கூட்டியே குறைத்திருக்கிறார்கள். நோ காஸ்ட் என்பதற்கு இவ்வளவுதான் பொருள். வங்கி தன் வட்டியை ஒரு ரூபாய்கூட விடவில்லை.

ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அந்த வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது என்று சுட்டிக்காட்டியது. 2022இல் கிரெடிட் கார்டுகளுக்கான விதிகளை வகுத்தபோது, தவணையாக மாற்றும் முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, யார் எவ்வளவு தள்ளுபடி தருகிறார்கள் என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும், பில்லிலும் அப்படியே வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தத் தங்கையின் பில்லில் வட்டி தனி வரியாக வந்ததற்குக் காரணம் அந்த விதிதான். அது நல்ல விதி. ஆனால் அந்த வரியைப் படித்துப் பார்க்க நமக்குத் தெரிய வேண்டுமே.

சரி, வட்டியும் தள்ளுபடியும் நேருக்கு நேர் கழிந்துவிட்டன. பிறகு என்ன செலவு? மூன்று இடத்தில் பணம் போகிறது.

முதலாவது, வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சாதாரண கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. நகைக்கடன், வீட்டுக்கடன், தனிநபர் கடன் எதற்கும் கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. 1,352 ரூபாய் வட்டிக்கு 243 ரூபாய். இது ஒரே தடவையில் வருவதில்லை. முதல் மாதம் 69, அடுத்த மாதம் 58 என்று இறங்கிக்கொண்டே வரும். அதனால் கண்ணில் படாது.

இரண்டாவது, செயலாக்கக் கட்டணம். அவர் கார்டில் 199 ரூபாய், அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. இரண்டையும் கூட்டினால் 478 ரூபாய். இதோடு முடிந்தால், நான் உண்மையைச் சொல்கிறேன், இது மோசமான கடனே இல்லை. 30,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 478 ரூபாய் என்பது நம் வழக்கில் அரை வட்டிக்கும் கீழே. கையில் இருக்கும் பணத்தை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு இந்தத் தவணையில் வாங்குகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. அது எந்தப் பில்லிலும் வராது. "ரொக்கமா கொடுத்தா என்ன விலைம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "என் நாத்தனார் அதே கடையில, அதே மாடல், ஜிபேயில கட்டி 28,500க்கு எடுத்தாங்க அண்ணே" என்றார். 1,352 ரூபாயை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த கடை, கேட்டவருக்கு அதை ரொக்கத்திலேயே குறைத்துக் கொடுத்திருக்கிறது. தவணையில் வாங்கியவருக்கோ அந்தத் தள்ளுபடி வங்கிக்கு வட்டியாகப் போய்விட்டது.

இப்போது கணக்கு மாறுகிறது. பொருளின் உண்மையான விலை 28,500. அவர் மொத்தமாகக் கட்டப்போவது 30,478. கூடுதலாகக் கொடுப்பது 1,978 ரூபாய். இதை வட்டியாக்கிப் பார்க்கப் பெரிய கணக்கு தெரிய வேண்டியதில்லை. பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் தொகையை இரண்டால் பெருக்குங்கள். ரொக்க விலையால் வகுங்கள். பிறகு தவணை மாதங்களோடு ஒன்றைக் கூட்டி, அதனாலும் வகுங்கள். ஆறு தவணை என்றால் ஏழு. கடைசியில் நூறால் பெருக்கினால் மாத வட்டி வந்துவிடும். இந்தக் கணக்கில், 1,978இன் இரு மடங்கு 3,956. அதை 28,500ஆல் வகுத்து, ஏழால் வகுத்து, நூறால் பெருக்கினால் 1.98. நூற்றுக்கு ரெண்டு ரூபாய். ரெண்டு வட்டி. தவணை தவணையாகத் துல்லியமாகப் போட்டாலும் ஆண்டுக்குச் சுமார் இருபத்து மூன்றரை சதவீதம் வருகிறது.

ஏன் இரண்டால் பெருக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நாம் முழு 28,500ஐயும் ஆறு மாதமும் கையில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் அடைத்துக்கொண்டே வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பணத்தைத்தான் கடனாக வைத்திருக்கிறோம். பாதிப் பணத்துக்கு முழுப் பணத்துக்கான கூடுதலைக் கொடுத்தால் வட்டி இரட்டிப்பாகத்தானே இருக்கும்?

இதே இடத்தில்தான் போனில் வரும் அழைப்புகளும் நம்மைத் தடுக்கி விடுகின்றன. "சார், உங்க பில் 24,000 இருக்கு, ஒரு வருஷத் தவணையா மாத்தித் தரோம், மாசம் ஒரே பர்சன்ட்தான்" என்பார்கள். ஒரு வட்டிதானே என்று நாம் தலையாட்டுவோம். அந்த ஒரு சதவீதத்தை முதல் நாள் கடனான 24,000க்கே பன்னிரண்டு மாதமும் போடுகிறார்களா, குறைந்துவரும் பாக்கிக்குப் போடுகிறார்களா என்று கேட்க வேண்டும். முதல் நாள் கடனுக்கே போட்டால் வட்டி 2,880 ரூபாய், தவணை 2,240. பதினொன்றாவது மாதம் நீங்கள் தர வேண்டிய அசல் நாலாயிரத்துச் சொச்சம்தான் இருக்கும். வட்டி மட்டும் 24,000க்கு ஓடிக்கொண்டிருக்கும். உண்மையில் இது ஆண்டுக்கு இருபத்தொன்றரை சதவீதம். ஒரு வட்டி என்று சொல்லி ஒன்றே முக்கால் வட்டி வாங்குகிறார்கள். அதற்கு மேல் ஜிஎஸ்டி. அழைப்பவரிடம், "குறையும் பாக்கிக்கு ஆண்டு வட்டி எவ்வளவு?" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். பதில் சொல்ல அவர்களிடம் எண் இருக்கும்.

ஆனாலும் பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறவருக்கு இந்த மாற்றம் லாபம்தான். கட்டாத பாக்கிக்குப் பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி. ஜிஎஸ்டியோடு சேர்த்தால் நாலு வட்டியைத் தாண்டும். அதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் மாற்றிய பிறகு தவணைத் தொகையும் சேர்ந்துதான் மாத பில் வரும். அதை முழுதாகக் கட்டாவிட்டால் கட்டாத தவணையும் அந்த மூன்றரை வட்டிக்குள் போய் விழும். புதிதாக வாங்கும் மளிகைச் சாமானுக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு சிக்கல். கடை பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும், அது கார்டில் வரவாகிவிடும். ஆனால் பல வங்கிகளில் தவணைக் கடன் தானாக நிற்காது. நாம் கூப்பிட்டு ரத்து செய்யச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இல்லாத பொருளுக்கு மாதாமாதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். தாமதித்துச் சொன்னால் முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் சேரும். செயலாக்கக் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது.

கார்டு இல்லாதவர்களுக்கு இப்போது செயலிகளில் பே லேட்டர் வந்திருக்கிறது. சாப்பாடு, துணி, ரீசார்ஜ் எல்லாம் வாங்கிவிட்டு அடுத்த மாதம் கொடுக்கலாம். இதைக் கடன் என்றே பலர் நினைப்பதில்லை. செயலிக்குப் பின்னால் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் பெயரில் கடன் கணக்குத் திறந்திருக்கிறது. கடன் வரலாற்றில் அது பதிவாகும். கெடு தேதிக்குள் கட்டினால் பெரும்பாலும் செலவில்லை. தவறினால்தான் வினை. 2,000 ரூபாய்க்குப் பத்து நாள் தாமதம், தாமதக் கட்டணம் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குப் பன்னிரண்டரை ரூபாய், அதுவும் பத்தே நாளைக்கு. எங்கள் சந்தையில் தண்டல் கொடுப்பவர்கூட அவ்வளவு கேட்க மாட்டார். 250 ரூபாய் என்று பார்க்கும்போது சின்னதாகத் தெரிவதால் நாம் அதை வட்டியாக்கிப் பார்ப்பதில்லை. டிஜிட்டல் கடன் தருவோர் ஒப்பந்தத்துக்கு முன்பே முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும், அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் இருக்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தும் முன் அதைத் திறந்து அந்த விகிதத்தையும், தாமதக் கட்டணத்தையும் மட்டுமாவது பாருங்கள்.

அந்தத் தங்கை போன வாரம் மறுபடியும் வந்தார். மகனுக்கு லேப்டாப் வாங்கப் போயிருக்கிறார். ஒன்பது மாத நோ காஸ்ட் என்றதும், "ஒரே தடவையில கட்டினா கடைசி விலை என்ன?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் முதலில் ஒரே விலைதான் என்றாராம். எழுந்து வெளியே போகப் பார்த்ததும் 1,800 ரூபாய் குறைத்துச் சொன்னாராம். அந்த இரண்டு விலையையும் ஒரு துணி பில்லின் பின்பக்கத்தில் எழுதி எடுத்து வந்திருந்தார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பத்தால் வகுத்துப் பார்த்தோம். சீட்டுப் பணம் இரண்டு மாதத்தில் வருகிறது, அதுவரை பையன் பள்ளிக் கணினியிலேயே செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வணக்கம்.