காலடியில் ஓர் அரைச்சுரம்

நேயர்களுக்கு வணக்கம். டிம்பனி என்பது செம்புக் கிண்ணத்தின் மேல் தோலை இழுத்துக் கட்டிய பெரிய முரசு. ஒவ்வொரு முரசுக்கும் ஒரு சுரம் வைத்திருப்போம். கச்சேரி நடக்கும்போதே அந்தச் சுரத்தை எப்படி மாற்றுகிறோம் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி 1813-இல் வியன்னாவில் அரங்கேறியது. அதன் முதல் இரண்டு பகுதிகளில் டிம்பனிக்கு ஏ, ஈ என்று இரண்டே சுரங்கள். மூன்றாம் பகுதி எஃப் மேஜரில் இருப்பதால், ஏ அப்படியே நிற்க, ஈ மட்டும் எஃப் ஆக வேண்டும். நான்காம் பகுதிக்கு மறுபடியும் ஈ. அந்தக் காலத்தில் முரசைச் சுற்றியுள்ள திருகுகளைக் கையால்தான் திருப்பினார்கள். 1881-இல் டிரெஸ்டனில் கார்ல் பிட்ரிச் பெடலை உருவாக்கிய பிறகு அந்த வேலை காலுக்கு வந்தது. இன்றைய பல முரசுகளில் பெடலைக் கால்விரல் பக்கம் அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். குதிகால் பக்கம் அழுத்தினால் இறங்கும்.

ஆனால் எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் பகுதி ஏ மைனர் கார்டில், அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கூட்டில், முடியும். அந்தக் கார்டின் அடியில் ஒலிப்பது ஈ. அதைப் பிடித்துக்கொண்டு, அரைச்சுரம் மேலே இருக்கும் எஃப்பை மனசுக்குள் பாடிக்கொள்வேன். அப்புறம் குனிந்து, காதைத் தோலருகே வைத்து, விரல்நுனியால் ஒரே ஒரு தட்டு. எனக்கு மட்டும் கேட்டால் போதும். அந்த ஒலி அடங்குவதற்குள் பெடலை ஏற்றி, மனசில் இருக்கும் எஃப்போடு சேர்த்துவிடுவேன். சரிபார்க்க அழகான வழி ஒன்று உண்டு. தோலுக்குப் பக்கத்தில் அதே எஃப்பை வாய்க்குள் முனகினால், சுருதி சேர்ந்திருந்தால் தோல் தானாகவே அதிர்ந்து பதில் கொடுக்கும்.

திரும்பி ஈக்கு வருவதுதான் சிரமம். பெடலை இறக்கி நேரே ஈயில் நிறுத்தினால் ஏமாந்துபோவோம். கிண்ணத்தின் விளிம்பில் தோல் உராய்ந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலு அடி பலமாக விழுந்ததும் நழுவித் தளரும், சுருதி இறங்கிவிடும். அதனால் ஈக்கும் கீழே போய், அங்கிருந்து மேலேறித்தான் ஈயைத் தொட வேண்டும்.

ஒரு முறை, இரண்டு பகுதிகளுக்கும் நடுவே சில நொடிகளே கிடைத்ததால், முரசில் இருக்கும் அளவுமுள்ளை நம்பி ஈயில் நிறுத்தினேன். மேடை விளக்குகளின் சூட்டில் பிளாஸ்டிக் தோல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கடைசிப் பகுதி தொடங்குவதே ஈயில். முதல் அடியிலேயே என் ஒலி மற்றவர்களுக்குக் கீழே தொங்கியது; சேர்ந்து ஒலிக்காமல் உரசிக் கலங்கியது. அடுத்து ஓய்வு கிடைத்த இடத்தில் அடிக்கவே இல்லை; காதைத் தோலருகே கொண்டுபோய், பெடலை மயிரிழை ஏற்றினேன். வயலின்கள் ஈயைத் தொட்டபோது தோல் தானாக முனகியது. அதன்பிறகுதான் குச்சியை எடுத்தேன்.