பேருக்குப் பின்னால நிக்கிற புள்ளியை வெட்டுங்கோ, ம்-இன்ர புள்ளியில கை வைக்காதேங்கோ!

வணக்கம் உறவுகளே, ஒரு ஃபோல்டர் கண்ணுக்கு முன்னால நிக்குது, ஆனா திறக்கேலாது, அழிக்கவும் ஏலாது, பாத்திருக்கிறியளோ? எனக்கு நடந்தது.

மச்சானுக்கு ஸ்டூடியோ இருக்கு, கல்யாண ஆல்பத்துக்குப் பேர் குடுக்கிறதுக்கு லினக்ஸில ஓடுற ஒரு சின்ன வெப் ஃபார்ம் செய்து குடுத்தன். ஒராள் `கல்யாணம்...?` எண்டு அடிச்சிட்டார். லினக்ஸுக்கு `/`ஐயும் வெறும் நல் பைட்டையும் தவிர எல்லாம் ஓகே, விண்டோஸுக்குத்தான் `< > : " / \ | ? *` ஒண்டும் ஆகாது. சரி, அதெல்லாம் தூக்கத்தானே கோட் போட்டிருந்தன்.

பிழை எங்க எண்டா, நான் முதல்ல கடைசிப் புள்ளியை வெட்டினன், பிறகுதான் `?`ஐ எடுத்தன். முதல் வெட்டில கடைசியில நிண்டது `?`, அதால புள்ளி ஒண்டும் போகேல்ல, பிறகு `?` போக `கல்யாணம்...` எண்டு மூண்டு புள்ளியோட மிஞ்சிட்டுது. லினக்ஸ் அதை அப்படியே என்டிஎஃப்எஸ் டிரைவில எழுதிப்போட்டுது. விண்டோஸ் என்ன செய்யுமெண்டா பேரின்ர கடைசிப் புள்ளியளையும் ஸ்பேஸையும் தானே கழட்டிப்போட்டு `கல்யாணம்` எண்டதைத் தேடும், அப்படி ஒண்டு அங்க இல்லை! கடைசியா இப்பிடித்தான் அழிச்சன்:

```
rd /s "\\?\D:\கல்யாணம்..."
```

`\\?\` போட்டா அந்தக் கழட்டுற வேலையை விண்டோஸ் செய்யாது. அப்ப ஒழுங்கு இதுதான்:

```python
n = re.sub(r'[<>:"/\\|?*\x00-\x1f]', '', n)
n = n.rstrip('. ') or 'file'
```

பேரை நீளத்துக்கு வெட்டுறதெண்டாலும் `rstrip`க்கு முன்னம் வெட்டுங்கோ.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். கனபேர் "எழுத்து, இலக்கம் தவிர எல்லாம் போகட்டும்" எண்டு `[^\w.]`ஐ போடுவினம். இங்கிலீஷுக்குச் சரி. பைதானில `யாழ்ப்பாணம்` எண்டதைக் குடுத்துப் பாருங்கோ, `யழபபணம` எண்டு வரும்! அரவு, விசிறி, மெய்யெழுத்தின்ர புள்ளி, எல்லாம் யூனிகோட் கணக்கில எழுத்தே இல்லை, ஒட்டுக்குறி, அதால `\w`க்குள்ள வராது. `கொடிகாமம்` `கடகமம` ஆகிடும், பஸ்ஸில இப்பிடி போர்ட் போட்டா ஆர் ஏறுவினம்? அதால வேண்டியதை வைக்கிற ரூல் எழுதாதேங்கோ, வேண்டாததை மட்டும் எடுக்கிற ரூல் எழுதுங்கோ. உங்கட ஊர்ப் பேர் என்னவா வருகுது எண்டு கீழ கொமெண்டில போடுங்கோ, நான் சிரிக்கோணும்.

`CON`, `NUL` மாதிரிப் பேரெல்லாம் விண்டோஸ் தனக்கெண்டு வைச்சிருக்கிறது, அப்பிடி வந்தா முன்னால ஒரு `_` போட்டுவிடுங்கோ, ஏன் எண்ட பழைய கதையை இன்னொரு நாள் சொல்லுறன்.

இன்னொண்டு, `பில்?`உம் `பில்`உம் கழுவின பிறகு ஒரே பேர்தான். சேவ் பண்ண முன்னம் அந்தப் பேரில ஏற்கனவே ஃபைல் இருக்கோ எண்டு பாத்து, இருந்தா பின்னால `_2` போடுங்கோ. இல்லாட்டி ரெண்டாவது ஆளின்ர பில் முதல் ஆளின்ரக்கு மேல ஏறிக் குந்தியிடும்.