மாசமா இருக்கவங்க, தோல்ல ஏதாச்சும் உள்ளவங்க வந்தா எப்படி வேணாம்னு சொல்றது?

கேள்வி: "அக்கா, நான் வீட்லயே ஒரு ரூம்ல பியூட்டி வேலை செய்றேன், ஃபேஷியல், பெடிக்யூர், மருதாணி எல்லாம். மாசமா இருக்கவங்க, தோல்ல ஏதாச்சும் உள்ளவங்க வந்தா செய்ய பயமா இருக்கு. ஆனா வேணாம்னு சொன்னா கோவிச்சிக்கிறாங்க. எப்படி சொல்றது, அதை எழுதி வைக்கணுமா?"

நல்ல கேள்வி தங்கச்சி. இதுக்கு நான் பொதுவா பேசாம எனக்கு நடந்த ஒன்னை சொல்றேன், அதுலயே உனக்கு பதில் இருக்கு.

நான் இருக்கிறது சுங்கை சிப்புட், சுத்தி செம்பனை தோட்டம், எனக்கு வர்ற கஸ்டமர்ல பாதி பேரு தோட்டத்து பிள்ளைங்கதான். ஒரு சனிக்கிழமை காலைல ஒரு பொண்ணு மாமியாரோட வந்துச்சு, மறுநாள் வளைகாப்பு. கேட்டது ரெண்டு வேலை, காலுக்கு உப்பு ஸ்க்ரப் போட்டு பெடிக்யூர், ரெண்டு கைக்கும் மருதாணி, அதுவும் நல்லா கறுப்பா வர்ற கோன். 50 வெள்ளி முன்பணம் முன்னாடியே குடுத்துருந்தாங்க. நான் யாரு வந்தாலும் முதல்ல உக்கார வச்சு கைய கால பார்ப்பேன், மாசமா இருந்தா எத்தனை வாரம்னு கேப்பேன், பிங்க் புக் கைல இருந்தா அதுலயே பார்த்துக்கலாம். 33 வாரம்னு இருந்துச்சு.

உள்ளங்கைல பார்த்தா நகத்தால சொறிஞ்ச கோடு கோடா இருக்கு, உள்ளங்கால்லயும் அப்படித்தான், ரெண்டு எடத்துல தோலு பிஞ்சு லேசா ரத்தம் காஞ்சிருக்கு. ஆனா ஒரு கொப்பளம் இல்ல, ஒரு தடிப்பு இல்ல, படை மாதிரி வட்டமும் இல்ல. எப்பலேர்ந்துமான்னு கேட்டேன். "பத்து நாளாச்சுக்கா, ராத்திரியானா தூங்கவே முடியல, பாத்ரூம்ல போயி காலை பச்சத்தண்ணில வச்சிட்டு உக்காந்துருப்பேன்"னு சொல்லுது. மாமியார் பக்கத்துல இருந்துகிட்டு, வயித்துல பிள்ளைக்கு முடி முளைக்குது அதான் அரிப்பு, எங்களுக்கெல்லாம் இருந்துச்சுன்னாங்க.

இங்க நல்லா கவனி. மாசமா இருக்கிறப்ப அரிப்பு வர்றது சகஜம்தான், வயிறு பெருசாகி தோலு இழுக்கிறப்ப வயித்த சுத்தி அரிக்கும், அதுக்கெல்லாம் யாரும் பயப்பட வேண்டியதில்ல. ஆனா கடைசி மூணு மாசத்துல, உள்ளங்கை உள்ளங்கால்ல, தோல்ல எதுவுமே இல்லாம, ராத்திரில அதிகமா அரிச்சா அது வேற கதையா இருக்கலாம். கல்லீரல்லேர்ந்து பித்தநீர் சரியா ஓடாம பித்த அமிலம் ரத்தத்துல ஏறிடும், அப்ப இப்படி அரிக்கும், சில பேருக்கு மூத்திரம் கருத்து போகும். அளவு ரொம்ப ஏறினா வயித்துல இருக்க பிள்ளைக்கு ஆபத்து, அதனால டாக்டருங்க ரத்தத்த எடுத்து அளந்து பார்ப்பாங்க. இது எனக்கு எப்படி தெரியும்னா என் சொந்த தங்கச்சிக்கு ரெண்டாவது பிள்ளைக்கு வந்துச்சு. ஆனா தெரியுங்கிறதுக்காக உனக்கு இந்த நோய்தான்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல, உனக்கும் இல்ல. அந்த பொண்ணுக்கு வெறும் தோல் வறட்சியாக்கூட இருந்துருக்கலாம், அத சொல்ல வேண்டியது டாக்டர்.

நம்ம வேலைக்கு வர்ற முடிவு மட்டும் தெளிவு. தோலு பிஞ்ச எடத்துல உப்பு ஸ்க்ரப் தேய்க்க கூடாது, பலபேரு கால் வச்ச பேசின்ல அந்த காலை ஊற வைக்கவும் கூடாது. புதினா கிரீம் போட்டா ஜில்லுனு இருக்கும், ஒரு ராத்திரி அரிப்பு தெரியாது, அதுதான் எனக்கு இன்னும் பயம், சரியாயிடுச்சுன்னு நெனச்சு அவங்க கிளினிக்குக்கே போகாம விட்ருவாங்க. கறுப்பு கோன் நான் மாசமா இல்லாதவங்களுக்கே போட மாட்டேன். நெஜ மருதாணி எடுத்தவுடனே ஆரஞ்சாத்தான் இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் போயித்தான் செவந்து கருஞ்சிவப்பாகும், பாசார் மாலாம்ல விக்கிற கோன் ஒரு மணி நேரத்துல கரி மாதிரி ஆச்சுன்னா அதுல ஹேர் டையில போடற பிபிடி கலந்துருக்கும்னு சந்தேகப்படணும், அது சில பேருக்கு கொப்பளம் கொப்பளமா வெந்து போயிரும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் டை போட்டாலே அலர்ஜி.

சரி, எப்படி சொன்னேன். முதல்ல மாமியார்கிட்ட, அம்மா நீங்க வெளிய ஃபேன் கீழ உக்காருங்க மைலோ கலக்க சொல்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன். மாமியார் முன்னாடி மருமக உடம்பை பத்தி பேசினா அந்த பொண்ணு நிஜத்த சொல்லாது. அப்புறம் பக்கத்துல உக்காந்து இப்படித்தான் சொன்னேன்: "தங்கம், இந்த கைக்கும் காலுக்கும் இன்னிக்கி நான் எதுவும் செய்ய மாட்டேன். தோலு பிஞ்சிருக்கு, நான் தொட்டா இன்னும் மோசமாகும். அதோட மாசமா இருக்கறப்ப இந்த எடத்துல இப்படி அரிச்சா டாக்டர் ஒரு தடவை ரத்தம் எடுத்து பார்க்கணும், அது என் வேலை இல்ல, அவங்க வேலை. இன்னிக்கே போ, வளைகாப்பு முடியட்டும்னு வைக்காத. நாளைக்கு காலைல நான் வந்து சடை பின்னி பூ வச்சு சேலை கட்டி விடறேன்."

அந்த பேச்சுல என்ன இருக்கு பாரு. செய்ய மாட்டேன்னு ஒரே வார்த்தைல இருக்கு, பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்கன்னு இழுக்கல. காரணம் என் வேலையோட எல்லை, அவ உடம்பு அசிங்கம்னு எங்கயும் வரல. செய்ய முடிஞ்சது ஒன்னு கைல குடுத்து அனுப்புறேன். முன்பணம் 50 வெள்ளியையும் அப்பவே திருப்பி குடுத்துட்டேன், காச கைல வச்சிகிட்டு வேணாம்னு சொன்னா யாருக்கும் கோவம்தான் வரும்.

நெறைய பேரு என்ன செய்வாங்க, இன்னிக்கி புல் புக்கிங், மெஷின் ரிப்பேர்னு ஒரு பொய்ய சொல்லி அனுப்பிருவாங்க, சண்டை வராதுன்னு. தயவு செஞ்சு அது மட்டும் செய்யாத. அந்த பொண்ணு நேரா அடுத்த கடைக்கு போகும், அங்க ஸ்க்ரப் போட்டுக்கும், கிளினிக்குக்கு போகணும்னு அதுக்கு யாருமே சொல்லிருக்க மாட்டாங்க. நெஜ காரணத்த சொன்னாத்தான் அது போக வேண்டிய எடத்துக்கு போகும்.

அதே மாதிரி மாசமா இருக்காங்கன்ற ஒரே காரணத்துக்காக எல்லாத்தையும் மறுக்காத, அதுவும் தப்பு. நல்லா இருக்க பொண்ணுக்கு புருவம் எடுக்கலாம், நகம் வெட்டி விடலாம், சுத்தமான மருதாணி இலை அரைச்சு வைக்கலாம். மறுக்கறதுக்கு நீ கண்ணால பார்த்த ஒன்னு, இல்ல அவங்க வாயால சொன்ன ஒன்னு இருக்கணும்.

இப்ப எழுதறது. இது ஏன் எனக்கு இவ்ளோ முக்கியம்னா, பல வருஷத்துக்கு முன்னாடி தலைல சோரியாசிஸ் இருக்க ஒரு அம்மாவுக்கு ரீபாண்டிங் வேணாம்னு வாயால மட்டும் சொல்லி அனுப்பினேன், தலைல வெடிப்பு இருந்துச்சு, கெமிக்கல் பட்டா எரியும்னு சொன்னேன். மூணு மாசம் கழிச்சு அவங்க அக்கா என் கடைக்கு வந்து, என் தங்கச்சிக்கு ஒட்டற வியாதின்னு சொல்லி தொரத்திட்டியாமேன்னு சத்தம் போட்டாங்க. சோரியாசிஸ் ஒட்டவே ஒட்டாது, நான் அப்படி சொல்லவும் இல்ல, ஆனா காட்டறதுக்கு என்கிட்ட ஒரு வரி இல்ல. அன்னிக்கி ராத்திரி அழுதேன்.

அப்பறம்தான் நோட்டு போட்டேன். 555 புக் வேணாம், அதுல பேப்பர் கழண்டு வந்துரும், கெட்டி அட்டை போட்ட நோட்டு வாங்கி ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டுக்க. அந்த பொண்ணுக்கு நான் எழுதினத அப்படியே படிக்கிறேன், பேரு தேதி மட்டும் விட்டுட்டு:

"காலை 10.40. மாசம் 33 வாரம், பிங்க் புக்ல பார்த்தேன். கேட்டது: உப்பு ஸ்க்ரப் பெடிக்யூர், கறுப்பு மருதாணி ரெண்டு கை. பார்த்தது: ரெண்டு உள்ளங்கை, ரெண்டு உள்ளங்கால்ல சொறிஞ்ச கோடு, வலது குதிகால் பக்கம் ரெண்டு எடத்துல தோல் பிஞ்சிருக்கு. கொப்பளம், தடிப்பு இல்ல. அவங்க சொன்னது: 'பத்து நாளாச்சு, ராத்திரி தூங்க முடியல.' ரெண்டு வேலையும் செய்யல. காரணம்: தோல் பிஞ்சிருக்கு, டாக்டர் இன்னும் பார்க்கல. இன்னிக்கே கிளினிக் போக சொன்னேன், சரின்னாங்க. முன்பணம் 50 வெள்ளி திருப்பி குடுத்தாச்சு."

கீழ என் கையெழுத்து, அவங்க படிச்சு பார்த்து அவங்க கையெழுத்து. போட மாட்டேன்னு சொன்னா வற்புறுத்தாத, 'கையெழுத்து போடல'ன்னு எழுதிடு, அவ்ளோதான்.

இதுல நோய் பேரு எங்கயாவது இருக்கா பாரு, இல்ல. கண்ணு பார்த்தது, காது கேட்டது, நான் செஞ்சது, செய்யாதது. அன்னிக்கே எழுதணும், பேனால எழுதணும், தப்பா எழுதினா ஒரு கோடு மட்டும் கிழிச்சு பக்கத்துல சரியா எழுது, வெள்ளை மை தடவாத, அப்புறம் அங்க என்ன இருந்துச்சுன்னு கேள்வி வரும். பின்னாடி ஏதாச்சும் ஞாபகம் வந்தா பழைய வரிக்கு நடுவுல சொருகாம, கீழ புது தேதி போட்டு எழுது.

சில பேரு கேப்பாங்க, என் சொந்த பொறுப்புலன்னு கையெழுத்து போடறேன், நீங்க செஞ்சு விடுங்கன்னு. நான் ஒத்துக்க மாட்டேன். கையெழுத்து போட்டா பிஞ்ச தோலு கூடிக்குமா.

அந்த நோட்டு பூட்டி வைக்கணும். 2010 தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்துல உடம்பு நிலை பத்தின விவரத்த தனியா சென்சிட்டிவ்னு வச்சிருக்காங்க, அவங்க தெளிவா சம்மதிக்கணும். அதனால எழுதறதுக்கு முன்னாடியே, இத என் நோட்டுல எழுதிக்கறேன், வேற யாருக்கும் காட்ட மாட்டேன், சரியாமான்னு கேளு. போட்டோ எடுத்து பியூட்டிஷியன் குரூப்ல போட்டு இது என்னக்கான்னு கேக்கறத நிறுத்துங்க. சின்ன ஊரு, கைல இருக்க மோதிரத்த பார்த்தே யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க.

சாயங்காலம் அந்த பொண்ணுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், போனியாமான்னு மட்டும். போயிருந்துச்சு. மிஸ்ஸி பார்த்துட்டு உடனே டாக்டர்கிட்ட அனுப்பி, ரத்தம் எடுத்து, அங்கேர்ந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி குடுத்துட்டாங்க. வளைகாப்ப ஒரு வாரம் தள்ளி வச்சாங்க. நான் போயி சடை பின்னி விட்டேன், மாமியார்தான் கண்ணாடிய பிடிச்சிகிட்டு நின்னாங்க.